ஒரு நூற்பட்டியலைத் திருத்தி எழுதியபோது

மாங்கேணியில் வாசிக்க ஆசைப்படும் சில இளைஞர்களுக்காக ஒருவர் எழுதிக் கொடுத்த நூற்பட்டியல் என் கைக்கு வந்தது. பன்னிரண்டு பெயர்கள், வேறொன்றுமில்லை. "இதுல எதைக் காக்கா முதல்ல எடுக்கிற?" என்று ஒரு தம்பி கேட்டான். பட்டியலில் அதற்குப் பதில் இல்லை. நூலுக்கு ஒரு காரணம் என்று அதைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இருந்தது சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885). ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்றுதான் வழக்கமாக எழுதுவோம். அது பரீட்சைக்கு உதவும். புத்தகத்தைத் திறக்க வைக்காது. கண்டியில் இருந்த மனிதர் தன் கதாநாயகனை எகிப்தில் பிறக்க வைத்து, இந்தியாவுக்குக் கொண்டு வந்து வளர்க்கிறார். எகிப்தின் ஒராபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து இரண்டு வருடமே ஆன காலம் அது. ஆகவே நான் எழுதினேன்: 'அன்றைய இலங்கை முஸ்லிம் ஒருவரின் மனசுக்குள் உலகம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று பார்க்க. நடை பழையது, பொறுமை வேண்டும்.'

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'க்கு 'முஸ்லிம் சமூக வாழ்வைச் சித்திரிக்கிறது' என்று எழுதிப் பார்த்தேன். அதே வரியைச் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'க்குக் கீழே வைத்தாலும் பொருந்துகிறது. இடம் மாறியும் பொருந்துகிற வரி காரணமே அல்ல. அடித்துவிட்டு, மீரானுக்கு 'ஊருக்குள் இங்கிலீசுப் பள்ளிக்கூடம் வருவதை ஊர் எப்படி எதிர்க்கிறது என்பதற்காக' என்றும், சல்மாவுக்கு 'பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வதைக் கேட்க' என்றும் எழுதினேன். இனி இரண்டையும் மாற்றிப் போட முடியாது.

எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை'க்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஓட்டமாவடி நமக்குப் பக்கம். நம்ம வீட்டுப் பேச்சு அச்சில் எப்படி நிற்கிறது என்று காண அதுதான் வழி. அந்தத் தம்பிக்கு முதலில் எடுக்கச் சொன்னதும் அதைத்தான்.

நான்கு நூல்களுக்கு ஒரு வரியும் வரவில்லை. பட்டியல் போட்டவரிடம் கேட்டேன். "பெரிய பேரு, விட ஏலாதே" என்றார். அவரும் வாசித்திருக்கவில்லை. நான்கையும் எடுத்துவிட்டேன்.

அவருக்கு வேறொரு மனக்குறையும் இருந்தது: "காரணத்தச் சொல்லிட்டா பொடியன் அத மட்டும்தானே தேடுவான்?" அதில் நியாயம் உண்டு. 'சிறந்த', 'உன்னத' போன்ற தீர்ப்புகளை அதனால்தான் நான் தவிர்த்தேன். எந்த வாசலால் நுழையலாம் என்பதை மட்டும் சொன்னேன். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். முழுவதையும் வாசி என்றால் யாரும் தொடமாட்டார்கள். அதற்கு நான் எழுதியது: 'மானுக்குப் பிணை நின்ற படலத்தை மட்டும் முதலில் எடுங்கள். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வேடனிடம் சிக்கிய மான் கேட்கிறது.'