'டூ'வை நீக்கும் பயிற்சி

தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கணம் படித்தவர்கள் பலருக்கும் 'டூ'வை நீக்கி எழுதும் பயிற்சி நினைவிருக்கும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலிலும் வாக்கிய மாற்றப் பகுதியில் அது உண்டு. "தி டீ ஈஸ் டூ ஹாட் டு டிரிங்க்" என்பதை "தி டீ ஈஸ் சோ ஹாட் தட் ஐ கேனாட் டிரிங்க் இட்" என்று மாற்ற வேண்டும்.

இதனால் பெரிய நன்மை ஒன்று உண்டு. முதல் வாக்கியத்தில் 'நாட்' எங்கும் இல்லை. ஆனாலும் குடிக்க முடியாது என்பதுதான் பொருள். மறைந்திருக்கும் அந்த மறுப்பை இரண்டாம் வாக்கியம் வெளியே கொண்டுவருகிறது. 'வெரி ஹாட்' டீயை விரும்பிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். 'டூ ஹாட்' என்றால் சூடு அளவு மீறிவிட்டது. இந்த வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாக உணர்த்தும் வேறு பயிற்சியை நான் பார்த்ததில்லை.

ஆனால் 'இட்' விஷயத்தில் மாணவர் தடுமாறுகிறார். 'தட்'டுக்குப் பின் வருவது முழு வாக்கியம் என்பதால் அங்கே 'இட்' கட்டாயம். 'டூ ஹாட் டு டிரிங்க்' என்பதில் குடிக்கப்படும் பொருள் எழுவாயாக முன்பே வந்துவிட்டது. அங்கே 'இட்' சேர்த்தால் பிழை. ஒன்றை மற்றொன்றாக மாற்றி மாற்றி எழுதுபவர் இரண்டு இடத்திலும் அதைச் சேர்க்கிறார், அல்லது இரண்டிலும் விட்டுவிடுகிறார். காரணத்தைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இதைவிடப் பெரிய குறை, பெயரடைக்குப் பின் பெயர்ச்சொல் வரும் வாக்கியங்கள் இந்தப் பயிற்சியில் அநேகமாக வருவதே இல்லை என்பது. சொல்லும் அதன் இடமும் மாறுவது அங்கேதான். "இட் வாஸ் சோ ஹாட்" சரி. பின்னால் 'டே' வந்தால் "சச் எ ஹாட் டே" என்றாகிவிடும். "சோ ஹாட் எ டே" என்பதும் சரியே, ஆனால் ஏட்டு நடை, பேச்சில் அரிது. 'வாட்டர்' போல எண்ண முடியாத பெயருக்கு அந்த வழியும் இல்லை: "சச் ஹாட் வாட்டர்" மட்டுமே. 'மச்', 'மெனி' போன்றவை வந்தால் பெயருக்கு முன்னாலும் 'சோ'வே நிற்கும்: "சோ மச் வாட்டர்". 'டூ'வோ இன்னும் கறாரானது. "திஸ் ஈஸ் டூ ஹாட் டீ" என்று சொல்லவே முடியாது. "திஸ் டீ ஈஸ் டூ ஹாட்" என்று வாக்கியத்தையே திருப்ப வேண்டும்.

'இனஃப்' இந்தப் பயிற்சியில் தலைகாட்டுவதே இல்லை. தமிழில் அளவைச் சொல்லும் சொல் முன்னால் வருவதால், 'இனஃப் டால்' என்று எழுதுவது நம் மாணவருக்கு இயல்பாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதன் இடம் பெயரடைக்குப் பின், பெயருக்கு முன்: 'டால் இனஃப்', 'இனஃப் மணி'. "ஹி ஈஸ் டூ ஷார்ட் டு ரீச் தி ஷெல்ஃப்" என்பதை "ஹி ஈஸ் நாட் டால் இனஃப் டு ரீச் தி ஷெல்ஃப்" என்று மாற்றச் சொன்னால் மறைந்த மறுப்பும் வெளிப்படும், இடமும் பழகும், 'இட்' குழப்பத்துக்கும் வேலை இருக்காது. பழைய பயிற்சியைக் கைவிட வேண்டாம். ஆனால் இந்த மாற்றத்தை அதற்கு முன்னால் வைக்கலாம்.