ஓர் எல்.டி.பி. வரைபடத்தை எப்படி ரசிப்பது?

நரம்பியல் பாடநூல்களில் தவறாமல் வரும் படம் அது. கிடைமட்டமாக ஓடும் புள்ளிகள், நடுவில் ஓர் அம்புக்குறி, அங்கே செங்குத்தாக ஒரு தாவல், பிறகு மீண்டும் கிடைமட்டம். பார்த்தவுடன் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் நீடித்த வலுவூட்டல் எனப்படும் எல்.டி.பி.யின் முழு வாதமும் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது.

டிம் பிளிஸ்ஸும் டெர்ஜெ லோமோவும் ஆஸ்லோவில் செய்த ஆய்வு 1973இல் வெளியானது. மயக்கத்தில் இருந்த முயல்களின் ஹிப்போகாம்பஸுக்குச் செல்லும் ஒரு நரம்புப் பாதையை அவர்கள் சிறிது நேரம் வேகமாகத் தூண்டினார்கள். 18 முயல்களில் 15இல், அதன் பிறகு கிடைத்த மறுமொழி அரை மணி முதல் 10 மணி நேரம் வரை வலுத்தே இருந்தது. இன்று இதே சோதனையைப் பெரும்பாலும் எலியின் ஹிப்போகாம்பஸ் சீவலில், சிஏ1 பகுதியில் செய்கிறார்கள். நாம் பார்க்கப்போவது அந்த வரைபடத்தை.

முதலில் அம்புக்குறிக்கு இடப்பக்கம் பாருங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை ஒற்றைத் துடிப்பு கொடுத்து, சினாப்ஸ்களின் மறுமொழியைப் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் அந்த மறுமொழி எவ்வளவு செங்குத்தாகத் தொடங்குகிறது என்பதன் அளவு. உச்சத்தை அளக்காததற்குக் காரணம் உண்டு: உச்சம் வருவதற்குள் நியூரான்கள் தாமே சுடத் தொடங்கி, அந்த மின்னோட்டமும் கலந்துவிடலாம். தொடக்கச் சாய்வில் சினாப்ஸின் பங்கு தூய்மையாகத் தெரியும். தூண்டுவதற்கு முந்தைய 20, 30 நிமிடப் புள்ளிகள்தான் அடிக்கோடு; அவை மெல்ல மேலேறிக்கொண்டிருந்தால், பிறகு வரும் உயர்வை நம்பாதீர்கள்.

அடுத்து அம்புக்குறி. அங்கே 100 ஹெர்ட்ஸில் ஒரு விநாடி தூண்டுகிறார்கள். புள்ளிகள் இரு மடங்குக்குத் தாவி, சில நிமிடங்களில் இறங்கி, அடிக்கோட்டின் 150 சதவீதத்தை ஒட்டி நிலைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கண்ணை இழுக்கும் அந்த முதல் உச்சம் எல்.டி.பி. அல்ல. அதில் பெரும்பகுதி, அனுப்பும் முனையில் தேங்கிய கால்சியத்தால் வரும் தற்காலிக வீக்கம். ஒரு மணி நேரம் கழித்தும் இறங்காத அந்தச் சமதளமே எல்.டி.பி.

சினாப்ஸ்தான் வலுத்ததா, அல்லது கூடுதல் நரம்பிழைகள் சுட்டனவா? மூல அலைவடிவத்தில், மறுமொழிக்குச் சற்று முன் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அது இழைகள் சுட்டதன் தடம். முன்னும் பின்னும் அந்தப் பள்ளம் ஒரே அளவாக இருந்து, சாய்வு மட்டும் கூடியிருந்தால், வலுத்தது சினாப்ஸ்.

நல்ல வரைபடத்தில் இரண்டாவது வரிசைப் புள்ளிகளும் இருக்கும். அதே நியூரான்களுக்கு வரும் வேறொரு பாதை அது. அதை வேகமாகத் தூண்டவில்லை. அந்த வரிசை 100 சதவீதத்திலேயே நின்றால், மாற்றம் நியூரான் முழுவதிலும் பரவவில்லை, தூண்டப்பட்ட சினாப்ஸ்களில் மட்டுமே நிகழ்ந்தது என்று பொருள். அந்த வரிசையும் சேர்ந்து ஏறினால், சீவலின் நிலையே மாறிவிட்டதோ என்று சந்தேகியுங்கள்.

இப்போது ஏபி5 என்ற மருந்தைச் சேர்த்துச் செய்த வரைபடத்தை அருகில் வையுங்கள். முதல் தாவல் இருக்கிறது. சமதளம் மட்டும் காணாமல் போகிறது. ஏபி5 தடுப்பது என்எம்டிஏ ஏற்பியை. அந்த ஏற்பியின் துளையை மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கிறது. குளுட்டமேட் வந்து ஒட்டினால் மட்டும் போதாது. பெறும் நியூரானின் மின்னழுத்தமும் அதே வேளையில் போதுமான அளவு உயர்ந்தால்தான் மெக்னீசியம் விலகும், கால்சியம் நுழையும். ஒற்றைத் துடிப்பால் அது முடியாது. 100 ஹெர்ட்ஸில் மறுமொழிகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்வதால் முடிகிறது. நுழைந்த கால்சியம் கேம்கைனேஸ்-2 நொதியைத் தூண்ட, சினாப்ஸில் ஏஎம்பிஏ ஏற்பிகள் கூடுகின்றன. சமதளத்தின் உயரம் அதைத்தான் காட்டுகிறது. சமதளம் உருவான பிறகு ஏபி5 கொடுத்தால் அது குலைவதில்லை: என்எம்டிஏ ஏற்பி தொடங்கிவைக்கிறது, தாங்கிப் பிடிப்பதில்லை.

இந்த இரட்டை நிபந்தனையில்தான் கற்றலின் சாயல் தெரிகிறது. தனியாக வந்தால் எதையும் மாற்றாத பலவீனமான பாதைகூட, வலுவான பாதையோடு ஒரே நேரத்தில் தூண்டப்பட்டால் வலுக்கிறது. மணியோசையும் உணவும் இணைவது போன்ற கற்றலுக்குத் தேவையான விதி இதுவே.

ஆனால் சீவலுக்கு நினைவு கிடையாது. அந்த வரைபடம் நினைவை நிரூபிக்காது. அதற்கு 2014இல் ராபர்ட்டோ மாலினோவின் குழு செய்த சோதனையைப் பாருங்கள். அமிக்டலாவுக்குச் செல்லும் செவிப்புலப் பாதைகளை ஒளியால் தூண்டி, கூடவே மின்னதிர்ச்சி கொடுத்து, எலிகளுக்கு அச்சத்தைக் கற்பித்தார்கள். அந்தச் சினாப்ஸ்களை மெதுவான ஒளித்துடிப்புகளால் வலுவிழக்கச் செய்தபோது அச்சம் மறைந்தது. வேகமான துடிப்புகளால் எல்.டி.பி.யை ஏற்படுத்தியபோது திரும்பியது.

அடுத்த முறை இந்த வரைபடம் கண்ணில் பட்டால் இந்த வரிசையில் பாருங்கள்: அடிக்கோடு, இழைகளின் பள்ளம், இரண்டாம் பாதை, ஏபி5, ஒரு மணி நேரச் சமதளம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆய்வாளரிடம் அதைக் கேளுங்கள்.