தாத்தாவுக்கு ஒரு வானொலிப் பெட்டி

சென்ற ஆண்டு டொராண்டோவில் ஒரு சிறிய சிறுகதைப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். வந்திருந்த கதைகளில் ஒரு கதை மட்டும் வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தது. பேரப்பிள்ளை தாத்தாவுக்கு ஒரு பழைய பொருளைப் பரிசளிக்கிறது. ஒரு கதையில் மைப்பேனா, இன்னொன்றில் சைக்கிள் மணி, வேறொன்றில் கைக்கடிகாரம். தாத்தா அதைத் தொடுகிறார், கண்களை மூடுகிறார். நான்கு பக்கங்களுக்கு ஊர் வருகிறது. பிறகு கண்ணைத் திறக்கிறார், ஒரு சொட்டு நீர் விழுகிறது, கதை முடிகிறது.

அவற்றுள் மொழி நன்றாக அமைந்த ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். எழுதியவர் இங்கேயே பிறந்து ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் தமிழ் படித்தவர். பெயர் வேண்டாம். அந்தக் கதைக்குப் பரிசு கொடுக்க வேண்டாம் என்றவர்களில் நானும் ஒருவன். ஏன் என்று விளக்க வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

கதை இதுதான். தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாள். பேரன் இணையத்தில் தேடி, 1960 வாக்கில் இந்தியாவில் செய்யப்பட்ட ஒரு வால்வு ரேடியோவை வாங்கி வருகிறான். மரப்பெட்டி, முன்பக்கம் துணி, மஞ்சள் விளக்கு எரியும் அலைவரிசைக் கண்ணாடி. மின்செருகியைச் சொருகிக் குமிழைத் திருப்பியதும் ஒரு பழைய பாட்டு ஒலிக்கிறது. தாத்தா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பதினெட்டு வயது இளைஞனாகிவிடுகிறார். இலங்கை வானொலி, மயில்வாகனனின் குரல், வாசலில் கோலம், அடுத்த தெருப் பெண். பாட்டு முடிகிறது. தாத்தா பேரனின் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

கணினித் துறையில் இருபது வருடம் பிழை தேடியே பிழைத்தவன் நான். குமிழைத் திருப்பியதும் பாட்டு என்ற இடத்தில் எனக்குக் கதை நின்றுவிட்டது. வால்வு ரேடியோவில் விளக்குதான் உடனே எரியும். உள்ளே இழைகள் சூடேறிச் சத்தம் வருவதற்கு ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். அந்தப் பெட்டியோடு வளர்ந்த எவருக்கும் அந்தக் காத்திருப்பு நினைவிருக்கும். அடுத்தது, அந்தப் பெட்டி 230 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. இங்கே சுவரில் வருவது 120. பெட்டியின் பின்புறம் அதை மாற்றும் ஏற்பாடு இல்லையென்றால் விளக்கு மங்கலாக எரியும், அவ்வளவுதான். இடையில் ஒரு மின்மாற்றி வைத்தாலும், அறுபது வருடப் பெட்டியின் மின்தேக்கிகள் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். பழைய ரேடியோக்களைப் பழுதுபார்ப்பவர்கள் அவற்றைச் சோதிக்காமல் மின்சாரம் கொடுக்க மாட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் சிற்றலையில் அந்த நிகழ்ச்சி இப்போது இல்லை. நம் அடுக்குமாடி வீடுகளில் அந்த அலைவரிசை முழுக்க மின்சாதனங்களின் இரைச்சல்தான்.

இதெல்லாம் ஒரு பொறியாளனின் வறட்டுக் குறை என்று சக நடுவர் ஒருவர் சிரித்தார். கதைக்குள் ரேடியோ வேலை செய்தால் போதாதா என்றார். போதாது என்பது என் எண்ணம். உண்மையான பெட்டி அங்கே என்ன செய்திருக்கும் என்று எழுதியவர் விசாரித்திருந்தால் அவருக்கு வேறொரு கதை கிடைத்திருக்கும். பேரன் ஆசையாக வாங்கி வந்த பெட்டியில் வெறும் இரைச்சல் வருகிறது. வீட்டில் எல்லோரும் தாத்தாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் என்ன செய்வார்? பேரனுக்காகப் பாட்டு கேட்பதுபோல் நடிப்பாரா? குமிழைத் திருகிக்கொண்டே இருப்பாரா? அல்லது அணைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுவாரா? இந்தக் கேள்வியிலிருந்துதான் ஒரு மனிதர் உருவாகிறார். உடனே பாடும் பெட்டியின் முன்னால் தாத்தாவுக்கு வேலையே இல்லை. அவரும் அந்த ரேடியோவைப்போலக் குமிழைத் திருப்பினால் ஒலிக்கும் ஒரு கருவியாகிவிடுகிறார்.

இரண்டாவது கேள்வி, அந்தப் பெட்டி யாருடையது என்பது. அந்நாளில் ரேடியோ வைத்திருக்க உரிமம் வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்ட வேண்டும். கிராமத்தில் மரப்பெட்டி ரேடியோ இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கி இருந்தது, தேநீர்க் கடை இருந்தது. 1952க்குப் பிறகு சில ஆண்டுகள் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்ததால்தான் தமிழ்நாட்டுக் காதுகள் கொழும்பை நோக்கித் திரும்பின. அந்தப் பழக்கம் விவித பாரதி வந்த பிறகும் போகவில்லை. ஆனால் கொழும்பைக் கேட்க வேண்டுமானால் ரேடியோ உள்ள ஒரு வீட்டுக்கோ கடைக்கோ அருகில் நிற்க வேண்டும். நம் கதையின் தாத்தா எங்கே நின்றார்? கூடத்தில் உட்கார்ந்தா, திண்ணையிலா, தெருவிலா? இந்த ஒரு விவரம் அவருடைய சாதியையும் வசதியையும் சொல்லிவிடும். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவருக்கு எண்பது வயதில் அதே பெட்டியைப் பரிசாகக் கொடுத்தால் அவர் மனத்தில் எழுவது இனிமை மட்டுமாக இருக்காது. கதையோ கோலத்தையும் அடுத்த தெருப் பெண்ணையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவை தாத்தாவின் நினைவுகளே அல்ல. பேரன் சினிமாவில் பார்த்த ஊர்.

பரிசும் முதுமையும் சேர்ந்த கதையைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரேம்சந்தின் ‘ஈத்கா’ நம்மில் பலர் பள்ளிப் பாடத்திலேயே படித்தது. அங்கே தாத்தா இல்லை, பாட்டி அமீனா. பேரன் ஹமீதிடம் திருவிழாவுக்கு இருப்பது மூன்று பைசா. மற்றப் பிள்ளைகள் மண் பொம்மைகளும் மிட்டாயும் வாங்கும்போது அவன் ஓர் இரும்பு இடுக்கி வாங்குகிறான். ரொட்டி எடுக்கும்போது பாட்டியின் விரல் சுடுகிறது என்பது அவனுக்குத் தெரியும். பாட்டி முதலில் திட்டுகிறாள், நாள் முழுக்கச் சாப்பிடாமல் இதையா வாங்கி வந்தாய் என்று. காரணம் தெரிந்ததும் அழுகிறாள். அந்த அழுகையில் கிழவி சிறுமியாகவும் சிறுவன் பெரியவனாகவும் மாறிவிட்டதாகப் பிரேம்சந்த் காட்டுகிறார். கவனியுங்கள், பாட்டியின் இளமைக்காலம் பற்றி அங்கே எந்தப் பின்னோக்குக் காட்சியும் கிடையாது. ஆனாலும் இளமை திரும்பிவிடுகிறது. ஹமீது பார்த்தது அவளுடைய இன்றைய விரலை. இளமையை வரவழைக்க அவன் முயலவே இல்லை.

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி லீடர் ஆஃப் தி பீப்பிள்’ 1938இல் வந்த ‘தி லாங் வேலி’ தொகுப்பில் இருக்கிறது. குடியேறியவர்கள் கூட்டமாக மேற்கு நோக்கிப் பயணித்தபோது ஒரு வண்டித் தொடருக்குத் தலைமை தாங்கிய தாத்தா மகள் வீட்டுக்கு வருகிறார். அவரிடம் நினைவுக்குப் பஞ்சமே இல்லை. சொன்னதையே சொல்கிறார், மருமகனுக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் காலை மருமகன் சலித்துக்கொள்வது கிழவரின் காதில் விழுந்துவிடுகிறது. அதன் பிறகுதான் அவர் பேரன் ஜோடியிடம் முதல்முறையாக வேறு மாதிரி பேசுகிறார். முக்கியம் தன் சாகசம் அல்ல, மேற்கே போன அந்தக் கூட்டம்தான் என்கிறார். இப்போது போவதற்கு இடமில்லை, கடல் வந்துவிட்டது. ஜோடிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எலுமிச்சைச் சாறு கலக்கித் தரட்டுமா என்று கேட்கிறான். மறுக்க வாயெடுத்த தாத்தா பையனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்கிறார். தாகத்துக்காக அல்ல, கொடுக்க விரும்புகிறவனுக்காக. பெற்றுக்கொள்வதும் ஒரு கொடை என்பதை ஸ்டைன்பெக் அந்த ஒரு பார்வையில் வைத்துவிட்டார்.

இந்த இரண்டையும் படித்துவிட்டுத் திரும்பினால் நம் போட்டிக் கதையில் என்ன விடுபட்டது என்பது தெளிவாகிறது. பரிசு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று அது கேட்கவே இல்லை. பேரன் ரேடியோ வாங்கியது தாத்தாவுக்காகவா? அவனுக்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது. அது தாத்தாவிடம் இருப்பதாக நினைத்தான், அதைத் திறக்கச் சாவி வாங்கி வந்தான். இந்த ஆசையில் தவறில்லை. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அது உண்மையான பசி. கதை அந்தப் பசியைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். அதை மறைத்துத் தாத்தாவின் கண்ணீராக எழுதியதுதான் குறை.

நான் இதைச் சொல்லத் தகுதியானவன் அல்ல. நான்கு வருடம் முன்பு ஊருக்குப் போனபோது, நாங்கள் விற்றுவிட்ட பூர்வீக வீட்டைப் படமெடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டு அப்பாவுக்குக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதற்கென்று இப்போது தெரிகிறது. “பெயின்ட் மாத்திட்டாங்க போல” என்றார். பிறகு, “நல்லா இருக்குப்பா, மாட்டிடு” என்றார். மாட்டினேன். என் மகள் அவரிடம் போய், “தாத்தா, உங்க ரூம் எது?” என்று கேட்டாள். “எனக்கு ஏதும்மா ரூம், மழை பெய்யாத இடத்துல படுத்துக்குவோம்” என்று அவர் சிரித்தார். அந்த வீடு ஒழுகியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த இளைஞருக்கு என் யோசனை ஒன்றே. கதையைத் தூக்கி எறிய வேண்டாம். ரேடியோ பாடக் கூடாது. கண்ணை மூடும் நான்கு பக்கங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பேரன் ஒரு கேள்வி கேட்கட்டும். ‘நீங்க எங்க நின்னு கேப்பீங்க தாத்தா?’ என்பது போதும். தாத்தா என்ன பதில் சொல்வார் என்று தெரியவில்லை என்றால், வீட்டில் இருக்கும் உண்மையான தாத்தாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். அடுத்த போட்டிக்கு அது வந்தால் முதலில் படிக்க விரும்புகிறவன் நான்.