நோட்டீசில் பெயர் இருந்தும் தெரியாமல் போகிறவர்கள்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அதன் இரு தடங்கள் திருமயிலையில் சந்திக்கின்றன. ஒன்று அடையாறு வழியாகத் தெற்கே போகிறது, மற்றொன்று நந்தனம், பனகல் பார்க் வழியாக மேற்கே போகிறது. வீடும் கடையும் நெருங்கிக் கிடக்கும் இந்தப் பகுதிகளில் நிலையத்துக்கோ அதன் நுழைவாயிலுக்கோ இடம் தேவைப்பட்டால் அது யாரோ ஒருவருடைய இடமாகத்தான் இருக்கும். மாநில அரசின் தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம், 1997 இதற்குப் பயன்படுகிறது. அதன் 3(2) பிரிவுப்படி, நிலத்தை எடுப்பதற்கு முன் உரிமையாளருக்கும் அதில் பாத்தியதை உள்ள மற்றவர்களுக்கும் அறிவிப்புத் தந்து, அவர்களுடைய ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். பத்திரிகைகளில் வரும் நெடிய நிலமெடுப்பு விளம்பரங்களில் இந்த வகையும் உண்டு.

அரசு அறிவிப்புகளின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் வேலையை விளக்க இந்த விளம்பரத்தைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆங்கிலச் சட்டப் பிரிவின் அமைப்பை வரிக்கு வரி பின்பற்றினால் தமிழ் எப்படி அமையும் என்று காட்ட, நானே ஒரு மாதிரி எழுதிப் பார்க்கிறேன்:

“கீழே அட்டவணையில் விவரிக்கப்பட்டுள்ள நிலமானது தொழில் நோக்கத்திற்காகத் தேவைப்படுவதாக அரசுக்குத் தோன்றுவதால், உரிமையாளர் மற்றும் அந்நிலத்தில் ஆர்வமுள்ளதாகக் கருதப்படும் ஏனைய நபர்கள், இந்த அறிவிப்பு வெளியிடப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள், மேற்படி நிலம் ஏன் கையகப்படுத்தப்படக் கூடாது என்பதற்கு எழுத்து மூலமாகக் காரணம் காட்டுமாறு இதன் மூலம் அழைக்கப்படுகிறார்கள்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட வாக்கியம் மேசை மேசையாகத் தப்பித்து அச்சுக்குப் போய்விடுகிறது. ஆங்கிலத்தையும் தமிழையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு எல்லாச் சொல்லும் வந்திருப்பதாகவே தெரியும். ஆகவே முதல் வாசிப்பில் ஆங்கிலப் பிரதியை மூடி வைத்துவிட வேண்டும். தமிழை மட்டும் படித்து, யார், எதை, எங்கே, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். மேலே உள்ள பத்தியில் ‘எங்கே’ என்பதற்கு விடையே இல்லை. ‘யார்’ என்பதற்குக் கிடைக்கும் விடை தவறானது.

‘ஆர்வமுள்ள நபர்கள்’ என்று படித்தால் இடம் வாங்க விரும்புகிறவர்களைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். சட்டம் சொல்வது வேறு ஆட்களை. நிலமெடுப்புச் சட்டங்களின் மரபில், இழப்பீட்டில் பங்கு கோரக்கூடிய எவரும் ‘interested’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் வருவார். நடைபாதை உரிமை போன்ற வசதியுரிமை உள்ளவரும் வருவார். மயிலாப்பூரில் இது ஏட்டளவிலான வேறுபாடு அல்ல. மாட வீதிகளைச் சுற்றிக் கோயில் மனையில் வீடு கட்டி, அடிமனை வாடகை செலுத்தி வாழும் குடும்பங்கள் உண்டு. மண் கோயிலுடையது, கட்டடம் குடியிருப்பவருடையது. அப்படி ஒருவர் ‘உரிமையாளர்’ என்ற சொல்லைப் பார்த்து அது கோயிலைக் குறிக்கிறது என்று எண்ணுவார். ‘ஆர்வமுள்ளவர்’ என்பதைத் தனக்குச் சம்பந்தமில்லாதது என்று விடுவார். கெடு ஓடிக்கொண்டிருக்கும். வருவாய்த் துறையில் தலைமுறைகளாகப் புழங்கும் ‘பாத்தியதை’ இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. வடமொழி வாடை என்று அதை ஒதுக்குபவர்கள் ‘உரிமைத் தொடர்பு’ என்று எழுதட்டும். ‘ஆர்வம்’ மட்டும் கூடாது.

‘நிலம்’ என்ற எளிய சொல்லிலும் இதே ஆபத்து உண்டு. நிலமெடுப்புச் சட்டங்களில் அந்தச் சொல் மண்ணோடு இணைந்த கட்டடங்களையும் சேர்த்துக்கொள்கிறது. பேச்சுத் தமிழில் சேர்த்துக்கொள்வதில்லை. அடையாற்றில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒருவருக்குப் பிரிபடாத பாகம்தான் நிலம். அடுக்ககத்தின் முன்பக்கம் போகப்போகிறது என்பதை ‘நிலமானது’ அவருக்குச் சொல்லாது.

அடுத்தது வாக்கியத்தின் நடை. ஆங்கிலச் சட்ட வாக்கியம் வினையை முன்னாலேயே சொல்லிவிட்டு நிபந்தனைகளைப் பின்னால் தொங்கவிடும். தமிழில் வினை கடைசியில் வருவதால் அத்தனை நிபந்தனையும் முன்னால் குவிகிறது. படிப்பவர் 30 நாள் கெடுவையும் எழுத்து மூலம் என்பதையும் கையில் பிடித்துக்கொண்டே கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கிறார். வந்து சேர்வது ‘அழைக்கப்படுகிறார்கள்’. கூட்டத்துக்கு அழைப்பது போல ஒலிக்கும் அந்தச் சொல், செய்யத் தவறினால் இழப்பு என்பதை மறைத்துவிடுகிறது. ‘காரணம் காட்டுமாறு’ என்பதோ எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அலுவலகத்தில் குற்றச்சாட்டுக்கு ஆளான ஊழியருக்குத்தான் காரணம் கேட்டு நோட்டீஸ் வரும். வீட்டுக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருக்கு ஆட்சேபிக்கும் உரிமை இருக்கிறது என்பதே செய்தி.

கெடுவும் தனிக் கவனம் கேட்கிறது. ‘நாளிலிருந்து’ என்றால் அந்த நாளைச் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா? சட்டங்களை விளக்கும் பொது விதி முதல் நாளை விட்டு எண்ணச் சொல்லும். வீட்டில் படிப்பவருக்கு அந்த விதி தெரிய வேண்டிய அவசியமில்லை. 3(2) பிரிவு, அறிவிப்பில் குறிக்கப்படும் காலத்துக்குள் என்றுதான் சொல்கிறது. ஆகவே நாட்களை எண்ணவைக்காமல் தேதியையே குறித்துவிடலாம். ‘அனுப்ப வேண்டும்’ என்பதற்கும் ‘கிடைக்கச் செய்ய வேண்டும்’ என்பதற்கும் இடையே தபால் போகும் நாட்கள் இருக்கின்றன. எதைச் சொல்கிறோம் என்று மூலத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் இந்த வரியைத் தொடவே கூடாது.

இவ்வளவையும் வைத்துத் திருத்தினால் இப்படி வரும்:

“மெட்ரோ ரயில் பணிக்காக, கீழே விவரித்துள்ள நிலத்தையும் அதன்மேல் உள்ள கட்டடங்களையும் எடுக்க அரசு உத்தேசித்துள்ளது. இந்தச் சொத்தின் உரிமையாளரும், குத்தகை, வாடகை, அடமானம் அல்லது வேறு எந்த வகையிலாவது பாத்தியதை உள்ளவர்களும் இதற்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபத்தைக் காரணங்களுடன் எழுதி, இன்ன தேதி மாலை இத்தனை மணிக்குள் இன்ன அலுவலகத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.”

ஒரு வாக்கியம் மூன்றாகியிருக்கிறது. செய்பவர் யார் என்பது வெளியே வந்திருக்கிறது. ‘கட்டடங்களையும்’ என்பதை மொழிபெயர்ப்பாளர் தன் விருப்பத்தில் சேர்க்க முடியாது. சொத்து விவரத்தில் கட்டடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அது நிற்கும். ‘வேறு எந்த வகையிலாவது’ இல்லாமல் குத்தகை, வாடகை, அடமானம் என்று நிறுத்தியிருந்தால் சட்டம் தரும் உரிமையைத் தமிழ் குறுக்கியிருக்கும். இரண்டாம் வாசிப்பு இதற்குத்தான். இப்போது ஆங்கிலத்தைத் திறந்து, மூலத்தில் இருந்து விடுபட்டது எது, கூடிப்போனது எது என்று சட்டம் அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். எளிமைக்காக வாதாடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைச் சொல்லாமல் விடுகிறார்கள். சட்டத் துறையினர் பயப்படுவதும் இங்கேதான், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த நாளிலிருந்தே இந்த இழுபறி தொடர்கிறது. நகராட்சி ஆணையராக இருந்த கீ. இராமலிங்கனார் போன்றவர்கள் கோப்புத் தமிழுக்குச் சொற்களை உருவாக்கித் தந்தார்கள். சொற்கள் சேர்ந்த அளவுக்கு வாக்கிய அமைப்பில் கவனம் போகவில்லை என்பது என் எண்ணம். ஆட்சிச் சொல்லகராதியைப் புரட்டிச் சரியான சொல்லைப் போட்டுவிட்டு, ஆங்கில எலும்புக்கூட்டை அப்படியே விட்டுவிடுவது இன்றைக்கும் நடக்கிறது. மொழிபெயர்ப்புப் பிழைக்குச் சிங்கப்பூரும் விலக்கல்ல: அங்கே லாவ் பா சாட் உணவங்காடியைக் குறிக்கும் பலகையில் கடைசிச் சொல் சனிக்கிழமையாகத் தமிழில் வந்ததை 2014இல் பலரும் பார்த்தார்கள்.  ஆனால் பலகைப் பிழை கண்ணில் படும். இலக்கணம் பிசகாத ‘ஆர்வமுள்ள நபர்கள்’ கண்ணில் படாது.

கடைசியாகப் பார்க்க வேண்டியது சொத்து விவரம். மொழிபெயர்ப்பாளர்கள் எண்கள்தானே என்று தாண்டிப்போகும் பகுதி அது. படிப்பவர் முதலில் தேடும் பகுதியும் அதுவே. சர்வே எண், பிளாக் எண் ஆகியவை பத்திரத்திலும் வில்லங்கச் சான்றிலும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் ‘புல எண்’, ‘அளவை எண்’, ‘சர்வே எண்’ என்று மாறி மாறி வந்தால் அவை மூன்று வெவ்வேறு எண்கள் என்றே தோன்றும். பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். தி. நகரில் எவரும் இடத்தைச் சதுர மீட்டரில் சொல்வதில்லை. கிரவுண்டு என்பார்கள், 2,400 சதுர அடி. நோட்டீசில் 36 சதுர மீட்டர் என்று இருந்தால், ஏறத்தாழ 387 சதுர அடி என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். மூல அளவை மாற்றாமல் கூடவே தருவதால் சட்டச் சிக்கல் எழாது. முன்னறை மட்டும் போகிறதா, படிக்கட்டும் சேர்ந்து போகிறதா என்பதை வீட்டுக்காரர் தன் வீட்டுத் தரையில் அளந்து பார்த்துக்கொள்வார்.