பால் பாக்கெட்டும் மேல்காற்றும்

சாயர்புரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு ஓர் அம்மா எழுதிய கடிதம் முழுக்கப் பால் காய்ச்சுவதைப் பற்றியது. மகள் அங்கே கல்லூரியில் படிக்கிறாள். தோழிகளோடு எடுத்திருக்கும் வாடகை வீட்டில் ஒற்றை அடுப்பு உண்டு, ஃபிரிட்ஜ் கிடையாது. வாங்கி வைத்த பால் மத்தியானத்துக்குள் திரிந்துபோகிறது என்று மகள் போனில் புலம்பியிருக்கிறாள். அம்மா போனிலேயே பதில் சொல்லி முடித்திருக்கலாம். எழுதி அனுப்பியதால் சமையலறைக் கலை ஒன்று நுணுக்கம் கெடாமல் தாளில் நிற்கிறது.

வெளியூர்க்காரர்களுக்குச் சாயர்புரம் என்றால் ஜி.யு.போப் நினைவுக்கு வருவார். இந்த அம்மாவுக்கு அது உப்பளத்துக்கு வேலைக்குப் போய்வந்த ஊர். எந்த மாதம் தண்ணீர் வற்றும், எந்த மாதம் வற்றாது என்பதைப் பாத்தியில் நின்று பார்த்தவர். பாலைப் பற்றி எழுதும்போதும் அந்தக் கண் வேலை செய்கிறது.

கடிதம் அடுப்பில் தொடங்கவில்லை, கடையில் தொடங்குகிறது. “பாக்கெட்டத் தொட்டுப் பாத்து வாங்கு. சில்லுன்னு இல்லன்னா வாங்காத. ஏற்கெனவே காய்ச்சுனதுதானன்னு நினைச்சு வச்சிராதட்டி.” பாக்கெட் பாலைப் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் குளிரவைக்கிறார்கள். நோய்க்கிருமிகள் அதில் சாகும். சூடு தாங்கும் சில நுண்ணுயிர்களும், தடித்த ஓட்டுக்குள் உறங்கும் பாசில்லஸ் வித்துகளும் பிழைத்துக்கொள்ளும். 5 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறிய கடை வாசலில் கிரேட்டிலேயே கிடக்கும் பாக்கெட்டில் அந்தக் காவல் எப்போதோ போயிருக்கும். பாலின் ஆயுள் வீட்டுக்கு வருமுன்னே பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதை அறிந்துதான் அவர் அங்கிருந்து ஆரம்பிக்கிறார்.

அடுத்து காய்ச்சும் பகுதி. ரசித்துப் படிக்க வேண்டிய இடம் இது. பாக்கெட்டின் மேல்புறத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வெட்டச் சொல்கிறார். ஏனத்தில் ஒரு கை தண்ணீர் விட்டுச் சுழற்றி, அந்த ஈரத்தின் மேலேயே பாலை ஊற்றச் சொல்கிறார். அப்படிச் செய்தால் அடியில் புரதம் ஒட்டிக் கருகுவது குறையும். நடுத்தரத் தீயில் அடிதொட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பால் பொங்கி வரும்போது பெரும்பாலானோர் பதறி அடுப்பை அணைத்துவிடுவார்கள். அம்மா எழுதுகிறார்: “பொங்குனது காய்ஞ்சதா ஆயிராது. தீயக் குறைச்சு, கிண்டிக்கிட்டே இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் தளதளன்னு விடு.”

இது நுட்பமான கவனிப்பு. கொழுப்பும் புரதமும் சேர்ந்து பாலின் மேலே மெல்லிய ஏடு கட்டுகின்றன. அடியிலிருந்து வரும் நீராவி அதற்குக் கீழே சிக்கி, நுரையாகத் திரண்டு ஏட்டைத் தூக்குகிறது. மொத்தப் பாலும் ஒரே சூட்டுக்கு வருமுன்பே இந்த ஆர்ப்பாட்டம் நடந்துவிடும்.

காய்ச்சிய பாலை வேறு ஏனத்துக்கு மாற்றக் கூடாது என்பது அடுத்த கட்டளை. கொதித்த பாலுக்கு அந்தப் பாத்திரம்தான் கிருமியில்லாத வீடு. அப்படியே தூக்கி அகலச் சட்டித் தண்ணீரில் வைத்து, தண்ணீர் சூடேறியதும் ஒரு தடவை மாற்ற வேண்டும். ஆவி அடங்கும்வரை தட்டைக் கொஞ்சம் விலக்கி மூட வேண்டும். மெதுவாக ஆறும் பால், கிருமிகள் விரும்பும் இளஞ்சூட்டில் நெடுநேரம் தங்கிவிடும். கொதியில் சாகாத வித்துகள் முளைவிடுவதும் அந்தச் சூட்டில்தான்.

“காலைல ஆறு மணிக்குக் காய்ச்சுனா பத்து மணிக்கு ஒரு கொதி, ரெண்டு மணிக்கு ஒரு கொதி” என்ற வரியைப் படிக்கும்போது ஜான் டிண்டல் நினைவுக்கு வருகிறார். அயர்லாந்தில் பிறந்த இந்த இயற்பியலாளர், உலர்புல் ஊறவைத்த நீர் எவ்வளவு கொதித்தாலும் கெட்டுப்போவதைப் பார்த்தவர். கொதிக்கவைத்து, வித்துகள் முளைக்க இடைவெளி விட்டு, முளைத்ததை மறுபடி கொதியில் கொல்லும் முறையை அவர் 1877இல் வெளியிட்டார். நம் வீடுகளின் இரண்டாம் கொதியும் ஏறக்குறைய அதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. ஆனால் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி இடைவெளியில் பெருகி நஞ்சைக் கக்கிவிட்டால், வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு கொதியில் அழியாது. அதனால்தான் கொதிக்கும் கொதிக்கும் நடுவே நாலு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. காலையில் வகுப்புக்குப் போய் மாலையில் திரும்பும் நாளில் மிச்சம் வைக்காமல் கால் லிட்டர் பாக்கெட் வாங்கச் சொல்கிறார் அம்மா.

உப்பளத்துப் படிப்பு வெளிப்படுவது ஈரத்துணி வித்தையில். பால் ஏனத்தைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்து, மேலே பருத்தித் துணி சுற்றி, துணியின் நுனி தண்ணீரில் தோய்ந்திருக்கும்படி ஜன்னலோரம் வைப்பது. “மேகாத்து அடிக்கிற மாசம் மட்டும் இதச் செய்யி. வாடை திரும்புனா துணி சும்மாதான் நனைஞ்சு கிடக்கும்.” தென்மேற்குப் பருவத்தில் மலை தாண்டி வரும் காற்று, மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு இந்தச் சீமைக்கு வறண்டு வந்து சேர்கிறது. உப்பு விளையவைப்பதும் அந்தக் காற்றுதான். நீர் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 36 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், ஈரத்துணியால் அதிகபட்சம் 25 டிகிரி வரை இறக்க முடியும். ஐப்பசி மழையில் 29 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால் இரண்டு டிகிரி இறங்குவதே பெரிய காரியம். 25 டிகிரியும் ஃபிரிட்ஜ் ஆகாது. கிருமிகளின் வேகம் குறையுமே தவிர நிற்காது. துணி போட்டாலும் நாலு மணிக் கொதி தவறக் கூடாது என்று அவர் அடிக்கோடிட்டிருப்பது அதனால்தான்.

சந்தேகம் வந்தால் பார்க்கும் சோதனையும் உண்டு. குழிக்கரண்டியில் கொஞ்சம் பாலை எடுத்துத் தனியே தீயில் காட்ட வேண்டும். ஓரத்தில் குருணை குருணையாக ஒட்டினால் புளிப்பு ஏறிவிட்டது என்று பொருள். பால் பண்ணைகளில் பாலை வாங்கும்போது சோதனைக் குழாயில் செய்வதும் இதேதான். திரியாத பால் எல்லாம் நல்ல பால் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. புளிப்பு ஏறாமலே நஞ்சு ஊறியிருக்கலாம். வாடை மாறினாலோ, கரண்டியில் நூல்போல இழுத்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

இவ்வளவு தேர்ந்த கடிதத்தில் ஓர் இடம் மட்டும் இடறுகிறது. திரியும்போலத் தோன்றினால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடச் சொல்லியிருக்கிறார். பழைய வீட்டுப் பழக்கம்தான், ஆனால் தவறு. சோடா அமிலத்தை மட்டுமே முறிக்கிறது, கிருமியை ஒன்றும் செய்வதில்லை. கெட்டதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தையும் அது மறைத்துவிடும். மகள் அந்த வரியை அடித்துவிட்டு மற்றதைப் பின்பற்றலாம்.

ராத்திரிக்கு மிஞ்சும் பாலை வைத்துக் காக்கச் சொல்லவில்லை அம்மா. கடைசிக் கொதிக்குப் பிறகு இளஞ்சூடாக ஆறவிட்டு உறை ஊற்றிவிடச் சொல்கிறார். நல்ல தயிர் ஒரு கரண்டி விட்டால், லாக்டிக் அமிலம் சீக்கிரம் ஏறி மற்றக் கிருமிகளுக்கு இடம் கொடுக்காது. வாடைக்காற்று மாதங்களுக்குக் கடிதத்தின் கடைசிப் பக்கம்: பால் சேமிக்கும் பேச்சே வேண்டாம், காலைக்கு மட்டும் வாங்கு, சாயங்காலம் கருப்பட்டிக் காப்பியைப் பால் விடாமல் குடி. காலையில் பால் சேர்த்துக் குடிப்பதென்றால் கருப்பட்டியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடாமல், இறக்கிய பிறகு டம்ளரில் கலக்கு. இல்லையென்றால் நல்ல பாலும் திரிந்துபோகும், பாக்கெட் மேல் பழி விழும்.