காவிரி வழக்கில் மூன்று கார்டுகள்

நிர்வாகச் சட்டம் படிக்கும் பலர் ஃபிளாஷ் கார்டின் முன்பக்கம் ‘லோகஸ் ஸ்டாண்டி’ என்றும், பின்பக்கம் ‘வழக்குத் தொடுக்கும் தகுதி’ என்றும் எழுதுகிறார்கள். மனப்பாடம் ஆகும், ருசி இருக்காது. முன்பக்கம் ஒரு நிகழ்வையும் கேள்வியையும் எழுதுங்கள். பின்பக்கம் விடையோடு காரணத்தையும் எழுதுங்கள். காவிரி டெல்டாவின் நன்னிலத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு லோகஸ் ஸ்டாண்டி, அல்ட்ரா வைரீஸ், இயற்கை நீதி என்ற மூன்று முக்கியச் சொற்களும் காவிரி வழக்கிலேயே கிடைக்கும்.

முதல் கார்டு: ‘நடுவர் மன்றம் வேண்டி 1983-ல் டெல்டா விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. இப்படி ஒரு சங்கம் மனு போட முடியாது என்றது கர்நாடகம். என்ன ஆயிற்று, ஏன்?’

பின்பக்கம் ‘சங்கத்துக்குத் தகுதி உண்டு’ என்று எழுதிவிடாதீர்கள். 1990 மே 4-ல் நீதிமன்றம் அப்படிப் பொதுவிதி எதையும் வகுக்கவில்லை. தமிழ்நாடு அரசே மனுவை முழுமையாக ஆதரிக்கிறது, வழக்கும் ஏழு வருடமாக நிலுவையில் இருக்கிறது, இனிமேல் தள்ளுபடி செய்வது வெறும் சட்ட நுணுக்கப் பார்வை, அநியாயமும்கூட என்றுதான் சொன்னது. ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்க உத்தரவிட்டது. ஜூன் 2-ல் அமைந்தது. அரசின் ஆதரவை நீக்கிவிட்டு விடையை யோசித்துப் பாருங்கள். தீர்ப்பில் அதற்கு விடை இல்லை. அந்த எல்லை தெரியும்போதுதான் இந்தச் சொல் பிடிபடும்.

மற்ற இரண்டும் ஒரே ஆவணத்தில் இருக்கின்றன. 1991 ஜூன் 25-ல் கர்நாடகம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஜூலையில் கர்நாடகம் அதைச் செல்லாததாக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் கேட்டதன்பேரில் நவம்பர் 22-ல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது: மாநிலத்தின் சட்டமியற்றும் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது, செல்லாது. இது ‘அல்ட்ரா வைரீஸ்’. கார்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு சேருங்கள்: இங்கே மீறப்பட்டது அரசியலமைப்பின் வரம்பு; நிர்வாகச் சட்டத்தில் பெரும்பாலும் எழுவது, ஒரு விதியோ ஆணையோ தன் தாய்ச்சட்டத்தை மீறியதா என்ற கேள்வி.

தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகிவிட்டது கர்நாடகம் என்றும் அதே கருத்துரை சொல்கிறது. அது இயற்கை நீதியின் ஒரு கால். எதிர்த்தரப்பைக் கேட்டு முடிவு செய்வது மறு கால். அதற்குக் காவிரி உதவாது. அவர் தரப்பைக் கேட்காமல் பாஸ்போர்ட்டை முடக்கியது பற்றிய 1978-ன் மேனகா காந்தி வழக்கைத் தனிக் கார்டாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே கார்டில் அடைத்தால் தேர்வில் ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டுவிடுவீர்கள்.

கார்டு எழுதும் முன் 1991 கருத்துரையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். கைடு புத்தகங்கள் முடிவைத் தரும், காரணத்தைப் பெரும்பாலும் சுருக்கிவிடும்.