இரண்டு விடைகளுக்கு நடுவே ஓர் இரவு

எழுத்தாளர் சங்கத்தின் சிறுகதைப் பயிலரங்கிற்கு வந்த கைப்படிகளுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். கதை இன்னும் அச்சேறவில்லை, எழுதியவர் இளைஞர். ஆதலின் கதையின் பெயரையும் அவருடைய பெயரையும் குறிப்பிடாது விடுகிறேன். கதையைப் படித்த மூவருள் இருவர், 'இது கதையன்று, மருத்துவப் பாடம்' என்று ஒதுக்கிவிட்டனர். மூன்றாமவனாகிய நான் அவ்வாறு ஒதுக்க இயலாமல், வீட்டிற்கு எடுத்துச் சென்று இருமுறை படித்தேன். அப்படிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

கதை மிகச் சிறியது. கோலாலம்பூரில் மருத்துவம் பயிலும் மாணவன் ஒருவன், தேர்வுக்கு முந்திய இரவில் விடுதி அறையில் பழைய வினாத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறான். ஒரு வினாவில் சிக்கிக்கொள்கிறான். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் கதை விடியற்காலை நான்கு மணிக்கு முடிகிறது. இடையில் அவன் அறையை விட்டு வெளியே செல்வதில்லை. வேறு பாத்திரம் எதுவும் உள்ளே வருவதுமில்லை.

அந்த வினா இது: தொழிலாளி ஒருவருக்குக் கையில் வெட்டுக்காயம் ஏற்பட்டுச் சில வாரங்கள் ஆகின்றன. மோதிர விரலும் சுண்டுவிரலும் சற்றே வளைந்து நிற்கின்றன. சுண்டுவிரலின் நுனிக் கணுவை அவரால் மடக்க முடியவில்லை. எந்த நரம்பு, எந்த இடத்தில் பழுதுபட்டுள்ளது? நான்கு விடைகளுள் முதலிரண்டையும் மாணவன் உடனே அடித்துவிடுகிறான். எஞ்சிய இரண்டும் ஒரே சொற்றொடர்கள். ஒரு சொல்தான் வேறு. 'அல்னார் நரம்பு, மணிக்கட்டில்' என்பது ஒன்று. 'அல்னார் நரம்பு, முழங்கையில்' என்பது மற்றொன்று.

நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு இத்தகைய வினா புதிதன்று. 1988 முதல் 2019 வரை நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக நாம் எத்தனை பயிற்சித் தாள்கள் தயாரித்திருப்போம்! இரண்டு விடைகளை எளிதில் தள்ளும்படி வைத்து, மற்ற இரண்டை இரட்டைப் பிள்ளைகளைப் போல் அமைப்பது நம் வழக்கம். 'அரம்', 'அறம்' என்று மயங்கொலிச் சொற்களை அருகருகே வைத்து மாணவனைத் திணற வைத்தவர்கள் நாம். அந்தத் திணறல் எப்படியிருக்கும் என்பதை மாணவனின் பக்கத்திலிருந்து எழுதிய கதையை நான் இதற்குமுன் படித்ததில்லை.

அல்னார் நரம்பைப் பற்றி நானும் கேட்டறிய வேண்டியதாயிற்று. என்னிடம் படித்து மருத்துவரான ஒருவர் எளிமையாக விளக்கினார். முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுரீர்' என்று மின்சாரம் பாய்வது போல் இருக்குமன்றோ? அந்த நரம்பேதான் இது. முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் தோலுக்கு மிக அருகில் ஓடி, முன்கை வழியாக மணிக்கட்டைக் கடந்து உள்ளங்கைக்குச் செல்கிறது. முன்கையில் இறங்கும்போது, கடைசி இரண்டு விரல்களின் நுனியை மடக்கும் ஆழ்தசைக்கு ஒரு கிளை கொடுக்கிறது. பின்னர் கைக்குள் இருக்கும் சிறு தசைகளை இயக்குகிறது. விரலை அடிக்கணுவில் மடக்கி, மேற்கணுக்களை நீட்டி வைப்பது இச்சிறு தசைகளின் வேலை.

நரம்பு மணிக்கட்டில் அறுந்தால் கைக்குள் இருக்கும் சிறு தசைகள் மட்டும் செயலிழக்கும். முன்கைத் தசை நலமாகவே இருக்கும். எனவே விரலின் அடிப்பகுதி பின்னோக்கி இழுபட, நுனியை ஆழ்தசை உள்நோக்கி இழுக்க, விரல்கள் பருந்தின் நகம் போல் நன்றாக வளைந்துவிடும். நரம்பு முழங்கையில் அறுந்தாலோ அந்த ஆழ்தசையும் சேர்ந்து படுத்துவிடும். நுனியை இழுப்பார் இல்லை. ஆகவே விரல்கள் சற்றே வளைந்து நிற்கும். பழுது பெரிது, கோணல் சிறிது! பழுது சிறிது, கோணல் பெரிது! மருத்துவ நூல்கள் இதனை முரண் என்றே அழைக்கின்றனவாம்.

கதையின் முதற்பாதி முழுவதும் இம்முரணில் அகப்பட்டுத் தவிக்கும் மாணவனின் ஊசலாட்டமே. 'கோணல் குறைவு, ஆகவே பழுதும் குறைவு. விடை மணிக்கட்டு' என்று முதலில் எழுதுகிறான். பிறகு, விரிவுரையில் கேட்ட சூத்திரம் ஒன்று அரைகுறையாக நினைவுக்கு வருகிறது. அருகில் என்றால் அதிகமா, தொலைவில் என்றால் அதிகமா? சூத்திரத்தின் ஓசை நினைவில் இருக்கிறது, திசை நினைவில் இல்லை. அழிக்கிறான், எழுதுகிறான், மீண்டும் அழிக்கிறான். தாளில் அந்த இடம் அழித்து அழித்துத் துளை விழுந்துவிடுகிறது. மனப்பாடம் செய்தவன் தடுமாறும் விதத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய ஆசிரியர் வகுப்பறையைக் கூர்ந்து நோக்கியவராகவே இருக்க வேண்டும்.

துளை விழுந்த பின்னர்தான் அவன் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் கையைப் பார்க்கிறான். இடக்கைச் சுண்டுவிரலின் நடுப்பகுதியை வலக்கை விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கிப் பார்க்கிறான். முன்கையில் ஏதோ ஒன்று சுருங்குவதை உணர்கிறான். மணிக்கட்டு வேலை செய்யவில்லை, அதற்கு மேலே இருப்பதுதான் வேலை செய்கிறது. வினாவில் வந்த தொழிலாளியால் இதனைச் செய்ய முடியவில்லை. அப்படியென்றால் பழுது மேலே. விடை முழங்கை. பதினான்கு வரிகளில் அமைந்த இப்பகுதியையே என் நண்பர்கள் 'பாடம்' என்றார்கள். கதையின் உச்சம் இதுவே என்பது என் கருத்து. வேறு எந்த உத்தியும் இல்லாமல், ஒருவன் ஒன்றை அறிந்துகொள்ளும் கணத்தை நாமும் நம் விரலைப் பிடித்துப் பார்த்து அறிந்துகொள்ளும்படி செய்கிறார். நானும் பிடித்துப் பார்த்தேன், மறைப்பானேன்?

இந்த அறிவு அவனைத் தோட்டத்துக்கு இட்டுச் செல்கிறது. அவன் தந்தை பால்மரம் வெட்டியவர். அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது கழிவுக் கால்வாயில் வழுக்கி விழுந்து, உடைந்த கண்ணாடியில் முழங்கையின் உட்புறம் கிழிந்தது. பட்டணத்து மருத்துவமனையில் நரம்பை இணைத்துத் தைத்தார்கள். முதல் மாதங்களில் இரண்டு விரல்கள் சற்றே வளைந்திருந்தன. ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் வளைவு கூடியது. வீட்டில் அனைவரும் அஞ்சினர். 'இன்னும் கோணிக்கிட்டே போவுது. இனிமே போயி என்னா ஆவப்போவுது, தம்பி?' என்று தந்தை மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மங்கும் கத்தியும் பிடிக்க இயலாமல் வெளிக்காட்டு வேலைக்கு மாற்றப்பட்டார்.

தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. முழங்கைக்குச் சற்றுக் கீழேயிருக்கும் ஆழ்தசையை அது முதலில் அடைகிறது. உயிர் பெற்ற அத்தசை விரல் நுனியை இழுக்கத் தொடங்குகிறது. கைக்குள் இருக்கும் சிறு தசைகளோ இன்னும் உயிர் பெறவில்லை. ஆகவே கோணல் கூடுகிறது. கூடிய கோணல் நோய் முற்றியதன் அடையாளமன்று. நரம்பு திரும்பி வருவதன் அடையாளம்! எந்த அறிகுறியைக் கண்டு மகிழ்ந்திருக்க வேண்டுமோ அதைக் கண்டே அந்தக் குடும்பம் கைவிட்டது. தந்தையின் கையும் வினாத்தாளின் இரு விடைகளைப் போலவே இருந்திருக்கிறது. பார்வைக்கு ஒன்று, பொருள் நேர்மாறு. இவ்விணைப்பை ஆசிரியர் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

இனி, குறைகள். மாணவன் நினைவுகூரும் மருத்துவர் சுண்டுவிரலின் உட்புறத்தை ஊசியால் குத்தி உணர்ச்சி இல்லை என்று கண்டதும், 'பழுது முழங்கையில்தான்' என்று முடிவு செய்வதாக ஒரு வரி வருகிறது. இது பிழை. நரம்பு எவ்விடத்தில் அறுந்தாலும் அவ்விடம் மரத்தே போகும். வேறுபாடு தெரிவது புறங்கையில். புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்துக்குச் செல்லும் கிளை மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே மணிக்கட்டில் அறுந்தவருக்கு அங்கே உணர்ச்சி இருக்கும். முழங்கையில் அறுந்தவருக்கு இராது. வேறொரு கதையில் இப்பிழை பொறுக்கத்தக்கது. மயிரிழை வேறுபாட்டையே உயிராகக் கொண்ட கதையில் பொறுக்கத்தக்கதன்று. ஆசிரியர் ஒரு சொல்லை மாற்றினாலே போதும்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. 'இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் அப்பாவின் கை பழையபடி ஆகியிருக்கும்' என்று மாணவன் தேம்பி அழுகிறான். ஆகியிருக்குமா? முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைகள் வரை நரம்பு வளர்ந்து சேர ஓராண்டு அல்லது அதற்கும் மேல் ஆகலாம். அதற்குள் காத்திருக்கும் தசைகள் மெலிந்து மீளா நிலையை எய்திவிடக்கூடும். இத்தகைய உயர்ந்த இடத்துக் காயங்களில் கையின் நுண்ணிய வலிமை முழுமையாகத் திரும்புவது அரிது என்பதே என் மாணவர் சொன்னது. தொடர்ந்து சென்றிருந்தால் கணுக்கள் இறுகாமல் காத்திருக்கலாம், பிடி சற்று மேம்பட்டிருக்கலாம். கத்தி பிடித்திருப்பாரா என்பதை எவரும் உறுதியாகக் கூற முடியாது. இறுதியாண்டு மாணவனுக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்தவன் அவ்வளவு எளிதாக அழமாட்டான். தந்தை கைவிட்டது தவறா, தவறில்லையா என்ற இரு விடைகளுக்கு நடுவே, அழித்து அழித்துத் துளை விழும்வரை நின்றிருப்பான். அவ்வினாவுக்கு விரலைப் பிடித்துப் பார்த்தும் விடை காண முடியாது. ஆசிரியர் கண்ணீரைத் தந்து அந்த வாய்ப்பை இழந்துவிட்டார்.

கடைசிப் பத்தியில் மாணவன் தேர்வில் சிறப்புத் தேர்ச்சி பெறுகிறான். செய்தி கேட்டுத் தந்தை கோணிய கையால் அவன் தலையைத் தடவுகிறார். இதனை நீக்கிவிடும்படி ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். நான்கு மணிக்குப் பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில் தந்தை வீட்டில் விழித்திருப்பார் என்று எண்ணி, மாணவன் தொலைபேசியைக் கையில் எடுத்து, என்ன சொல்வது என்று அறியாமல் மீண்டும் வைத்துவிடும் வரி அதற்கு முன்னே இருக்கிறது. கதை அங்கேயே நின்றுவிட்டது. ஆசிரியரின் மறுமொழி இன்னும் வரவில்லை.